இயர்பட் பெட்டியில் உள்ள ‘36 மணி நேரம்’: எப்படிப் படிப்பது?

கடையில் ஒரு இயர்பட் பெட்டியைக் கையில் எடுங்க. ‘36 மணி நேரம் வரை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். ஒருமுறை காதில் மாட்டினால் ஒன்றரை நாள் பாட்டுக் கேட்கலாம் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. அது இயர்பட்டும் அதன் கேஸும் சேர்ந்து தரும் மொத்தம். இடையில் பலமுறை இயர்பட்டைக் கேஸுக்குள் வைத்து சார்ஜ் ஏற்றியாக வேண்டும்.

அடுத்து, இரைச்சல் நீக்கம். இந்த வசதி ஓடும்போது சின்ன மைக்குகள் வெளிச்சத்தத்தை இடைவிடாமல் கேட்கும்; உள்ளே இருக்கும் சில்லு அதற்கு எதிரான ஒலியலையை உருவாக்கிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். அதனால்தான் அதே இயர்பட்டுக்கு இரண்டு கணக்கு.

உண்மையான இரண்டு மாடல்களைப் பார்ப்போம். சோனி டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்4: இரைச்சல் நீக்கம் இல்லாமல் ஒரு சார்ஜில் 12 மணி நேரம், கேஸோடு 36. அதை இயக்கினால் 8, கேஸோடு 24. இப்போது மொத்தத்தை ஒரு சார்ஜ் நேரத்தால் வகுத்துப் பாருங்க. 36-ஐ 12-ஆல் வகுத்தாலும் 3, 24-ஐ 8-ஆல் வகுத்தாலும் 3. முதல் சார்ஜைக் கழித்தால், கேஸ் தருவது இரண்டு முழு சார்ஜ். கேஸ் மாறவில்லை; ஒவ்வொரு சார்ஜும் சீக்கிரம் தீர்கிறது, அவ்வளவுதான்.

ஆப்பிள் ஏர்பாட்ஸ் ப்ரோ இரண்டாம் தலைமுறைக்கு இரைச்சல் நீக்கத்தோடு 6 மணி நேரம், கேஸோடு 30. வகுத்தால் 5, அதாவது கேஸில் நான்கு சார்ஜ்.

36-ஐயும் 30-ஐயும் பக்கத்தில் வைத்தால் சோனிதான் ஜெயித்தது போலத் தெரியும். ஆனால் ஒன்று வசதி இல்லாத கணக்கு, மற்றது வசதியோடு. ஒரே நிலையில் ஒப்பிட்டால் 24-க்கு 30, ஆப்பிள் முந்துகிறது. அதற்காக அதுதான் நல்லது என்று சொல்லிவிட முடியாது. பினாங்கிலிருந்து ஜோகூருக்கு நீண்ட பேருந்துப் பயணம் என்றால், கழற்றாமல் 8 மணி நேரம் கேட்க முடிவதே பெரிது. பள்ளி இடைவேளைகளில் மட்டும் கேட்பவருக்கோ, அடிக்கடி கேஸில் வைப்பதால் மொத்தம்தான் முக்கியம்.

‘வரை’ என்ற சொல்லை விட்டுவிடாதீங்க. அது உச்ச அளவு. ஆப்பிள் தன் சோதனையை 50 விழுக்காடு ஒலியளவில் செய்ததாகச் சிறு எழுத்தில் சொல்கிறது. சத்தத்தைக் கூட்டினால் நேரம் குறையும். பேசும் நேரமும் தனிக்கணக்கு: அதே ஏர்பாட்ஸில் ஒரு சார்ஜுக்கு 4.5 மணிதான். இணைய வகுப்புக்காக வாங்குபவர்கள் தேட வேண்டியது அந்த எண்ணைத்தான். பெட்டியின் முன்பக்கத்தில் அது பெரும்பாலும் இருக்காது. பின்பக்கத்தைத் திருப்பணும், அல்லது நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பார்க்கணும்.