50 டெசிபெல்லில் தொலைந்த புள்ளி

பழைய புத்தகம் ஒன்றின் பக்கத்தை ஸ்கேன் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தாள் பழுப்பேறியிருக்கிறது, அங்கங்கே கறை. கறையைத் துடைத்து எழுத்தைத் துலக்கித் தரும் மென்பொருள் ஒன்றிடம் அதைக் கொடுக்கிறோம். பக்கம் பளிச்சென்று வந்துவிடுகிறது. ஆனால் 'பல்' என்றிருந்த இடத்தில் இப்போது 'பல' என்றிருக்கிறது. லகரத்தின் தலைமேல் இருந்த புள்ளியை அழுக்கு என்று நினைத்து மென்பொருள் துடைத்துவிட்டது.

இந்தச் சீரமைப்புக்கு எத்தனை மதிப்பெண் போடலாம்? படச் சீரமைப்புத் துறையில் எல்லோரும் பயன்படுத்தும் அளவுகோல், இதற்கு ஏறத்தாழ 50 டெசிபெல் தரும். அந்தத் துறையில் 30 வந்தாலே பரவாயில்லை என்பார்கள். 40ஐத் தாண்டினால் அசலையும் நகலையும் பிரித்தறிவது கடினம் என்பது பொதுவான கணிப்பு. 50 என்பது வகுப்பில் முதல் மாணவன் வாங்கும் மதிப்பெண். பொருளையே மாற்றிய பக்கத்துக்கு அது எப்படிக் கிடைத்தது?

கணக்கு இவ்வளவுதான்

கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கணினி எண்களாகத்தான் வைத்திருக்கிறது. படம் சிறுசிறு கட்டங்களாகப் பிரிந்திருக்கும். அவையே பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை.

சீரமைத்த படத்தை அசலின் பக்கத்தில் வைத்து, பிக்சலுக்குப் பிக்சல் கழித்துப் பார்க்கிறார்கள். நான்கு பிக்சல்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். அசலில் 50, 120, 200, 90. சீரமைத்ததில் 52, 117, 210, 90. வேறுபாடுகள் 2, 3, 10, 0. கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துவிடாமல் இருக்க, ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கி வர்க்கமாக்குகிறார்கள்: 4, 9, 100, 0. மொத்தம் 113. நான்கால் வகுத்தால் 28.25. இதற்குப் பெயர் சராசரி வர்க்கப் பிழை. ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி எம்எஸ்இ என்பார்கள். குறைய குறைய நல்லது.

இந்த எண்ணைத் தலைகீழாக்கி, கூடக் கூட நல்லது என்ற மதிப்பெண்ணாக மாற்றியதுதான் பிஎஸ்என்ஆர். உச்ச அளவான 255இன் வர்க்கத்தைப் பிழையால் வகுத்து, மடக்கை எடுத்து, பத்தால் பெருக்க வேண்டும்.

PSNR = 10 × log10(255² ÷ MSE)

நம் நான்கு பிக்சலுக்கு 33.6 டெசிபெல் வருகிறது. பிழை பாதியானால் மதிப்பெண் 3 கூடும். பத்தில் ஒரு பங்கானால் 10 கூடும். அவ்வளவுதான். எம்எஸ்இயில் இல்லாத புதுத் தகவல் எதுவும் பிஎஸ்என்ஆரில் கிடையாது. ஒரே சரக்கு, வேறு பொட்டலம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கழித்துப் பார்க்க அசல் கையில் இருக்க வேண்டும். வீட்டுச் சுவரில் மங்கிப்போன தாத்தாவின் புகைப்படத்துக்கு இந்த மதிப்பெண் போட வழியே இல்லை. அதனால் ஆய்வாளர்கள் நல்ல படம் ஒன்றை எடுத்து, வேண்டுமென்றே கெடுத்து, பிறகு சீரமைத்து, முதல் படத்தோடு ஒப்பிடுகிறார்கள். அவர்கள் கெடுத்த விதமும், காலம் உங்கள் தாத்தாவின் படத்தைக் கெடுத்த விதமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒரே மதிப்பெண், மூன்று காயங்கள்

பத்து லட்சம் பிக்சல் கொண்ட முகப்படம் ஒன்று இருக்கிறது. அதை மூன்று விதமாகக் கெடுப்போம்.

முதல் பிரதியில் எல்லாப் பிக்சலையும் 10 அளவு வெளிச்சமாக்குகிறோம். பக்கத்தில் அசல் இல்லாவிட்டால் மாற்றம் நடந்ததாகவே யாருக்கும் தோன்றாது. வர்க்கப் பிழை ஒவ்வொரு பிக்சலிலும் 100. எனவே சராசரியும் 100.

இரண்டாவது பிரதியில் ஒவ்வொரு பிக்சலையும் கண்மூடித்தனமாக 10 கூட்டியோ 10 குறைத்தோ விடுகிறோம். படம் முழுக்க மணல் தூவியதுபோல் இருக்கும். பிழை மறுபடியும் 100.

மூன்றாவது பிரதியில் 100க்கு 100 பிக்சல் அளவுள்ள ஒரு சதுரத்தை மட்டும் தொடுகிறோம். அதிலுள்ள 10,000 பிக்சல்களையும் 100 அளவு கருமையாக்குகிறோம். மற்றவை அப்படியே இருக்கின்றன. அந்தச் சதுரம் ஒரு கண்ணின் மேல் விழுந்திருக்கிறது. படத்தின் 100இல் ஒரு பங்கில் மட்டும் வர்க்கப் பிழை 10,000. சராசரி எடுத்தால் அதே 100.

மூன்றுக்கும் 28.1 டெசிபெல். ஒன்று நல்ல படம், ஒன்று சகிக்கக்கூடிய படம், ஒன்று கண் போன படம். சராசரி எவ்வளவு பிழை என்று சொல்கிறது. எங்கே, எந்த வடிவில் என்று சொல்வதில்லை. பிக்சல்களையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் குலுக்கிய பிறகு எடுத்த எண் அது. அசலையும் நகலையும் ஒரே விதமாகக் குலுக்கினால் மதிப்பெண் மாறவே மாறாது. மனிதக் கண்ணோ பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் சேர்ந்து உருவாக்கும் கோட்டையும் விளிம்பையும்தான் முதலில் தேடுகிறது.

மழுப்பினால் மார்க்

இது அளவிடும்போது மட்டும் வரும் சிக்கல் என்றால் போகட்டும் என்று விடலாம். சீரமைக்கும் மென்பொருள்களையே இந்தப் பிழை குறையும்படி பழக்குகிறார்கள். அதனால் அவை ஒரு கெட்ட பழக்கம் கற்றுக்கொள்கின்றன.

புடவைக் கரையில் மெல்லிய கோடுகள் இருக்கின்றன. மாறி மாறி 100, 140, 100, 140. படம் மிகவும் கெட்டுவிட்டதால், கோடு 100இல் தொடங்கியதா 140இல் தொடங்கியதா என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் சம வாய்ப்பு. துணிந்து கோடு போட்டால் பாதி சமயம் முழுச் சரி, பிழை 0. மீதிப் பாதியில் எல்லாப் பிக்சலும் 40 தள்ளிப்போகும், வர்க்கப் பிழை 1,600. இரண்டின் சராசரி 800. கோடே போடாமல் எல்லாவற்றையும் 120 என்று நிரப்பினால்? எப்போதும் 20தான் தப்பு, வர்க்கப் பிழை 400. பாதிதான்.

கோடு இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தும், கோடில்லாமல் மெழுகிவிடுவதே கணக்குப்படி புத்திசாலித்தனம். கூந்தல், புல்வெளி, தோலின் நுண்துளை என்று எங்கெல்லாம் சந்தேகம் வருகிறதோ அங்கெல்லாம் இதே கதை. வினாவுக்கு விடை தெரியாத மாணவன் இரண்டு பக்கமும் சாயாமல் மழுப்பி எழுதி மார்க் வாங்குவதுபோல.

சிறிய படத்தைப் பெரிதாக்கும் எஸ்ஆர்கேன் என்ற முறையை 2017இல் வெளியிட்டவர்கள் இதை எதிர்த்திசையில் காட்டினார்கள். அந்த முறையின் பிஎஸ்என்ஆர், மழுப்பும் முறையைவிடக் குறைவு. ஆனால் பார்வையாளர்கள் அதற்குத்தான் அதிக மதிப்பெண் கொடுத்தார்கள். மறு ஆண்டு யோஹாய் பிளாவ், தோமர் மிக்கேலி என்ற இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இருவர், இது ஒரு மென்பொருளின் குறை அல்ல என்று கணித வழியில் நிறுவினார்கள். ஓர் எல்லைக்குப் பிறகு பிழையைக் குறைத்தால் இயல்பான தோற்றம் குறையும், தோற்றத்தைக் கூட்டினால் பிழை கூடும்.

அதற்காகக் கூர்மையான படத்தையே நம்பிவிடவும் முடியாது. தெரியாத இடத்தில் துணிந்து போட்ட கோடு, அசலில் இல்லாத கோடாகவும் இருக்கலாம். கல்யாண ஆல்பத்துக்கு அது போதும். எக்ஸ்ரே படத்துக்கு ஆகாது.

திரும்பவும் புள்ளிக்கு

நம் பக்கம் 1,000க்கு 1,000 பிக்சல். தாளின் வெண்மை 220, மையின் கருமை 20. புள்ளியின் அளவு 4க்கு 4, ஆக 16 பிக்சல். புள்ளி மறைந்து அங்கே தாளின் நிறம் வந்துவிட்டது. மற்றவை அத்தனையும் துல்லியம் என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிக்சலிலும் வேறுபாடு 200, வர்க்கம் 40,000. பதினாறுக்கும் சேர்த்து 6,40,000. பத்து லட்சத்தால் வகுத்தால் 0.64. பிஎஸ்என்ஆர் 50.1.

இப்போது இன்னொரு மென்பொருள். இது ஒரு புள்ளியையும் விடவில்லை. ஆனால் பக்கம் முழுவதும் 255இல் ஒரே ஓர் அளவு வெளிச்சம் கூடிவிட்டது. எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. பிழை 1. பிஎஸ்என்ஆர் 48.1. புள்ளியைத் தின்றது முதலிடம், ஒரு புள்ளியையும் விடாதது இரண்டாமிடம்.

இந்தக் குறையைத் தீர்க்க 2004இல் ஜோ வாங், ஆலன் போவிக் உள்ளிட்ட நால்வர் எஸ்எஸ்ஐஎம் என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். அது படத்தின் மேல் 11க்கு 11 பிக்சல் உள்ள சிறு ஜன்னலை நகர்த்திக்கொண்டே போய், ஒவ்வோர் இடத்திலும் வெளிச்சம், எடுப்பு, வடிவம் மூன்றையும் ஒப்பிடுகிறது. முழுப் பொருத்தம் என்றால் 1. முகப்படத்தின் மூன்று காயங்களை அது வெவ்வேறாகப் பார்க்கும். ஆனால் கடைசியில் அதுவும் சராசரிதான் எடுக்கிறது. நம் புள்ளியைத் தொடும் ஜன்னல்கள் பத்து லட்சத்தில் சுமார் 200. அவற்றில் மதிப்பெண் பூஜ்யமே ஆனாலும் மொத்தம் 0.9998க்குக் கீழே இறங்காது.

அப்படியானால் எதற்கு இந்த எண்?

தூக்கிப் போட வேண்டியதில்லை. அதே படம், அதே வகைக் கெடுதி, அதே முறை, அதில் ஒரு திருகை மட்டும் கொஞ்சம் திருப்பிப் பார்க்கிறோம் என்றால், பிஎஸ்என்ஆர் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் நம்பத்தக்கவை. வேறுவேறு படங்களையோ வேறுவேறு வகை முறைகளையோ அதே கோலால் அளக்கும்போதுதான் வம்பு.

எண்ணை வாங்கிய பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அசலிலிருந்து நகலைக் கழித்து வரும் வேறுபாட்டையே ஒரு படமாகப் பார்க்க வேண்டும். சராசரி எடுப்பதற்கு முன் கணினியிடம் இருந்தது அதுதான். அந்தப் படம் ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் வெளிச்சம் மட்டும் மாறியிருக்கிறது. மணல் தூவினதுபோல் இருந்தால் இரைச்சல். முகத்தின் விளிம்புகளும் கூந்தலும் கோட்டோவியம்போல் அதில் தெரிந்தால், மென்பொருள் மழுப்பியிருக்கிறது. அசலில் இருக்க வேண்டிய நுணுக்கம் வேறுபாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

நம் பக்கத்தின் வேறுபாட்டுப் படத்தைத் திறந்தால், பரந்த கறுப்பில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். அதையும் தவறவிடாமல் இருக்க, எழுத்துள்ள பக்கங்களுக்கு டெசிபெல்லோடு இன்னொரு கணக்கும் தேவை: படித்துப் பார்த்து, எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணுவது. அந்தக் கணக்கில் முதல் மென்பொருளுக்கு ஒரு தவறு, இரண்டாவதற்கு ஒன்றுமில்லை.