பதினாறு முடியட்டும், பதில் சொல்கிறோம்

பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடந்தால், பெரும்பாலும் அன்று மாலையே பிணவறை வாசலில் பேரம் தொடங்கிவிடுகிறது. ஆலங்குளம், வெம்பக்கோட்டை சுற்றுவட்டாரத்தில் வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. முதலாளி தரப்பில் போர்மேனோ ஊர்ப் பெரியவரோ வருவார். ஒரு தொகை சொல்வார். "இப்பவே கையெழுத்துப் போட்டா இன்னிக்கே காசோலை. நாளைக்குன்னா நான் பொறுப்பில்ல" என்பார். உடலை வாங்கிவிட்டால் நம் கையில் எதுவும் இருக்காது என்ற பயத்தில் குடும்பமும் அங்கேயே முடிவெடுத்துவிடுகிறது.

அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைப் பெறுவது வேறு, இழப்பீடு வேறு. அடக்கம் செய்த பிறகும் உரிமையில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கை மனு போட்டால் போதும்.

பணியாளர் இழப்பீட்டுக்கான 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. இரண்டிலும் அடிப்படை ஒன்றே. தொழிலாளி இறந்தால் முதலாளி இழப்பீட்டைக் குடும்பத்தின் கையில் கொடுத்து முடித்துக்கொள்ள முடியாது. அதற்கென உள்ள அதிகாரியிடம் செலுத்த வேண்டும், அவர்தான் வாரிசுகளுக்குப் பிரித்துத் தருவார். "இனி எந்த உரிமையும் கோர மாட்டோம்" என்று எழுதி வாங்கும் பத்திரம் செல்லாது. ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் முதலாளி 12 சதவீத வட்டி கட்ட நேரிடும், அபராதமும் விதிக்கப்படலாம். ஆகவே நாள் தள்ளுவதால் நெருக்கடி அவருக்குத்தான்.

நாற்பது வயதுத் தொழிலாளி, மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் பாதி 6,000. அதை அந்த வயதுக்கு அட்டவணையில் உள்ள 184.17 என்ற எண்ணால் பெருக்கினால் 11,05,020 ரூபாய் வருகிறது. வாசலில் ஐந்து லட்சம் பேசினால், பாதிக்கும் குறைவுக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். அரசு அறிவிக்கும் நிவாரணம் தனி, அதை இதில் கழிக்கக் கூடாது. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் ஆலை வெடித்தபோது, இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 20 லட்சம் வழங்கத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பின்னர் உத்தரவிட்டதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இனி, எப்படிக் கேட்பது? சண்டை வேண்டாம். வந்தவரும் பல நேரம் நம் ஊர்க்காரர், நாளை மறுபடி முகம் பார்க்க வேண்டியவர். குடும்பத்தில் ஒருவர் மட்டும் பேசட்டும்.

"அண்ணாச்சி, நேர்ல வந்ததுக்கு நன்றி. இப்ப யாரும் யோசிக்கிற நிலமையில இல்ல. பதினாறு முடியட்டும், அடுத்த நாளே பதில் சொல்றோம். நீங்க சொல்ற தொகைய ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க, வீட்டுல எல்லாருமாப் பாத்துக்கிடுறோம்."

இதில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. நம் பக்கத்திலிருந்து ஒரு தொகையும் சொல்லவில்லை. முதலில் நாம் ஒன்பது லட்சம் என்று சொல்லிவிட்டால், பேச்சு அதிலிருந்து கீழேதான் இறங்கும். நாளைக் குறிப்பிடுவதும் முக்கியம். "பிறகு பார்க்கலாம்" என்றால் தட்டிக்கழிப்பதாகப் படும். எழுதிக் கேட்கும்போது எதிரில் இருப்பவரின் முகத்தையும் கவனியுங்கள். நியாயமான தொகை பேசுகிறவர் எழுதத் தயங்கமாட்டார்.

காரியச் செலவுக்கு அவர்கள் பணம் கொடுத்தால் வாங்கலாம். ரசீதில் "இறுதிச் சடங்குச் செலவுக்கு மட்டும்" என்று எழுதி, தொகையையும் தேதியையும் போட்டு, அதைப் படமெடுத்துக்கொண்டு கொடுங்கள். வெற்றுத் தாளிலோ எழுதாத முத்திரைத்தாளிலோ கைநாட்டுகூட வைக்கக் கூடாது.

பதினாறு வரை கிடைத்த அவகாசத்தில் செய்ய வேண்டியது சம்பளத்துக்கான சான்றைச் சேர்ப்பதுதான். பட்டாசு வேலையில் பலருக்குக் கூலி உருப்படிக் கணக்கில்தான். கூலிச் சீட்டு, வங்கிப் புத்தகம், உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலம் இவற்றில் கிடைப்பதை எடுத்து வையுங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்ததா என்றும் பாருங்கள். இருந்தால் இந்த ஒற்றைத் தொகைக்குப் பதிலாக, சார்ந்தோருக்கு மாதாமாதம் உதவித்தொகை அங்கிருந்து வரும்.

ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டு, நடத்தியவர் தலைமறைவாகிவிட்டால் காத்திருப்பது உண்மையிலேயே கடினம். அப்போதும் வருகிற பணத்தை முன்பணம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், முழுத் தீர்வு என்று எழுதிக் கொடுக்காதீர்கள். உரிமம் வைத்திருப்பவரையும் மனுவில் சேருங்கள்.

பதில் சொல்லும் நாளுக்கு முன்பே ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய், எழுதி வாங்கிய தாளைக் காட்டுங்கள். பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் அங்கே வழக்கறிஞர் இலவசம். போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம்.