பத்து ரூபாய் குறைத்தால் கல்லா ஏன் கூடுகிறது?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் போகும் சாலையில் சாயங்காலம் நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போவதைப் பார்க்கலாம். 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை ஓடத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை வந்தது. அதையொட்டி டயர், கண்ணாடி, கைப்பேசி, உதிரிபாகம் என்று தொழிற்சாலைகள் பெருகின. சுற்றியுள்ள கிராமங்களில் வீடுகளுக்கு மேல் அறை கட்டி வாடகைக்கு விட்டார்கள். தென்மாவட்டத்துப் பையன்களும் ஒடிசா, பீகார் ஆட்களும் ஓர் அறைக்கு நாலைந்து பேராகத் தங்கி, முறைவைத்துச் சமைக்கிறார்கள். ஊர்க்காரர்களோடு இவர்களும் சேர்ந்துதான் இப்பகுதி வாரச்சந்தைகளின் வாடிக்கையாளர்கள்.

இப்படி ஒரு சந்தையில் தார்ப்பாய் விரித்துக் காய்கறி விற்கும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். ஆளும் கணக்கும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கோயம்பேட்டில் பெட்டி 300 ரூபாய் வீதம் நாலு பெட்டி நாட்டுத் தக்காளி எடுத்துக் குட்டியானையில் ஏற்றி வந்திருக்கிறார். பெட்டிக்கு 15 கிலோ; ஆக 60 கிலோ, முதல் 1,200 ரூபாய். வண்டி வாடகையை விட்டுவிட்டால் கிலோ 20 ரூபாய் அடக்கம். வழக்கமாக 40 ரூபாய்க்குச் சொல்வார். இரவு கடை கட்டும்போது 30 கிலோ விற்றிருக்கும், பாதி மிஞ்சும். கல்லாவில் தக்காளிக் கணக்கில் 1,200 ரூபாய். போட்ட முதலே திரும்பியிருக்கிறது, நின்றதற்குக் கூலியில்லை. மிஞ்சியது நாட்டுத் தக்காளி. தோல் தடித்த பெங்களூர்த் தக்காளி என்றால் நாலு நாள் தாங்கும். இது பழுத்துவிட்டால் மறுநாள் வெயிலில் நீர்விட்டுவிடும்.

ஒரு வாரம், சந்தை கூடும்போதே 30 ரூபாய் என்று அட்டையில் எழுதி வைக்கிறார். பக்கத்துக் கடைக்காரருக்குக் கோபம்: “என்னக்கா, சந்தையைக் கெடுக்கிறீங்க?” அதற்குள் நாலு வடநாட்டுப் பையன்கள் வந்து “அக்கா, கித்னா?” என்கிறார்கள். “தீஸ் ரூபா” என்கிறார் அக்கா. அந்த அளவுக்கு இந்தி சந்தையிலேயே வந்துவிட்டது. வழக்கமாக ஒரு கிலோ வாங்குகிறவர்கள் இரண்டு கிலோ போடச் சொல்கிறார்கள். இரவு பார்த்தால் 50 கிலோ விற்றிருக்கிறது. 50 கிலோ, கிலோ 30 ரூபாய், கல்லாவில் 1,500.

விலையைக் குறைத்ததும் வரவு 300 ரூபாய் கூடியிருக்கிறது. இதன் காரணத்தைத்தான் பொருளாதாரப் பாடநூல்கள் தேவையின் விலை நெகிழ்ச்சி என்கின்றன. ஆங்கிலப் பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரெட் மார்ஷல் 1890இல் எழுதிய நூல்தான் இதைப் பாடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தது. கேள்வி எளிது: விலை நூற்றுக்கு இத்தனை மாறினால், விற்கும் அளவு நூற்றுக்கு எத்தனை மாறுகிறது? இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவதுதான் நெகிழ்ச்சி.

அக்காவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலை 40இலிருந்து 30க்கு வந்தது. 40ஐ அடியாக வைத்தால் இது 25 சதவீதம், 30ஐ வைத்தால் 33 சதவீதம். இந்தக் குழப்பம் வராமலிருக்க இரண்டின் நடுவிலையான 35ஐ அடியாக வைப்பது வழக்கம்: ஏறக்குறைய 29 சதவீதம். அளவு 30இலிருந்து 50க்குப் போனது; நடு அளவு 40, மாற்றம் 20, அதாவது 50 சதவீதம். ஐம்பதை இருபத்தொன்பதால் வகுத்தால் ஏறத்தாழ 1.7. இந்த எண் ஒன்றைத் தாண்டினால் விலை குறையும்போது வரவு கூடும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் விலை குறைய வரவும் குறையும். சரியாக ஒன்று என்றால் கல்லாவில் மாற்றமிருக்காது.

சந்தையில் நின்றுகொண்டு யாரும் இப்படி வகுத்துக்கொண்டிருக்க முடியாது. வேண்டவும் வேண்டாம். பழைய வரவைப் புது விலையால் வகுத்தால் போதும். 1,200ஐ 30ஆல் வகுத்தால் 40. நாற்பதாவது கிலோ தராசைத் தாண்டிவிட்டால், அதற்குமேல் வருவதெல்லாம் முன்பு வராத காசு. இதில் ஒரு சிக்கல், க்யூஆர் அட்டையும் அதன் சவுண்ட் பாக்ஸும் ரூபாயைத்தான் சொல்லும், கிலோவைச் சொல்லாது. காலிப் பெட்டியை எண்ண வேண்டும்.

அடுத்த வாரம் அக்கா 25 ரூபாய்க்கு இறங்குகிறார். 56 கிலோ விற்கிறது. வரவு 1,400. 30 ரூபாய்க்கு விற்றதைவிட 100 ரூபாய் குறைவு. அதே தக்காளி, அதே சந்தை, ஆனால் இந்தப் படியில் நெகிழ்ச்சி ஒன்றுக்குக் கீழே போய்விட்டது. அறைக்காரர்கள் ஏற்கெனவே தேவையானதை எடுத்துவிட்டார்கள். அவர்களிடம் ஃபிரிட்ஜ் இல்லை, வாரம் முழுக்கத் தொக்குத் தின்னவும் முடியாது. நெகிழ்ச்சி தக்காளியோடு ஒட்டிப் பிறந்த குணமல்ல. எந்த விலையில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுவது.

பொருளைப் பொறுத்தும் அது மாறும். கறிவேப்பிலையைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் யாரும் இரண்டு மடங்கு வாங்க மாட்டார்கள். குழம்புக்கு ஓர் இணுக்குதான் வேண்டும். விலையைக் குறைத்து அதில் வரவைக் கூட்ட வழியில்லை. அதனால்தான் அது தராசுக்கே வராமல் கொசுறாகப் போகிறது, மற்ற காய்க்கு ஆளை இழுக்கிறது.

இங்கே இரண்டு இடங்களில் ஏமாந்துபோக வாய்ப்புண்டு. முதலாவது, விற்பனை கூடியதற்கு விலைதான் காரணமா என்பது. சம்பளம் வந்த வாரத்தில் சந்தை எப்படியும் நிரம்பும். மாதக் கடைசியில் வற்றும். புரட்டாசியில் கறி, மீன் எடுக்காதவர்கள் காய்கறிப் பக்கம் திரும்புவார்கள். அந்த வாரம் பார்த்து விலையைக் குறைத்தால், குறைக்காமலே விற்றிருக்கக்கூடிய சரக்கைத் தள்ளுபடியில் விற்றதாக ஆகலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அக்கா கத்தரிக்காய் விலையைத் தொடவில்லை. அதுவும் தக்காளி மாதிரியே துள்ளியிருந்தால் வந்தது கூட்டத்தின் வேலை. கத்தரி அப்படியே நின்று தக்காளி மட்டும் ஏறியிருந்தால் விலையின் வேலை.

இரண்டாவது, பக்கத்துக் கடை. அக்காவிடம் கூடுதலாகப் போன 20 கிலோவில் ஒரு பங்கு, அந்தச் சந்தையில் யாரும் புதிதாகத் தின்றதல்ல; அடுத்த கடையில் வாங்கியிருக்க வேண்டியவர்கள் இங்கே வந்தது. அவரும் அட்டையில் 30 என்று எழுதிவிட்டால் அந்தப் பங்கு திரும்பிப் போய்விடும். ஒரு கடைக்கான தேவை மிகவும் நெகிழும். மொத்தச் சந்தைக்கான தேவை அவ்வளவு நெகிழாது. கடைக்கு மாற்றாக நாலு கடை உண்டு, தக்காளிக்கு மாற்றாக என்ன இருக்கிறது, புளியைக் கொஞ்சம் கூட்டிக் கரைப்பதைத் தவிர?

உழவர் படும் பாடும் இதிலிருந்து வருவதுதான். பதினேழாம் நூற்றாண்டின் முடிவில் இங்கிலாந்தின் கிரிகரி கிங் மதிப்பிட்டதாகச் சொல்லப்படும் கணக்கைச் சார்ல்ஸ் டேவனன்ட் 1699இல் வெளியிட்டார். விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தானிய விலை பத்தில் மூன்று பங்கு ஏறும் என்கிறது அது. திருப்பிப் போட்டால், விளைச்சல் கொஞ்சம் மிஞ்சினாலும் விலை நிறையச் சரியும். 2023 ஜூலையில் வரத்துக் குறைந்து தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. கால் கிலோவாகக் குறைத்துக்கொண்டார்களே தவிர, வாங்குவதை மக்கள் நிறுத்தவில்லை. வரத்துப் பெருகும் காலத்தில் பறிகூலிக்கும் கட்டாமல் தக்காளியைச் சாலையில் கொட்டுவதும் இதே நெகிழாத தேவையின் மறுபக்கம். எல்லா உழவரும் சேர்ந்து விலையைக் குறைத்தால் எல்லாருக்கும் வரவு குறையும். ஒருவர் மட்டும் குறைத்தால் அவருக்குக் கூடும்.

இனி லாபத்துக்கு வருவோம். வரவு கூடினால் லாபமும் கூடும் என்று நினைப்பது இயல்பு. அக்கா இதே அடக்க விலையில், இதே அளவு வெங்காயம் எடுத்து வந்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். விற்பனையும் அதேபோல: 40 ரூபாய்க்கு 30 கிலோ, 30 ரூபாய்க்கு 50 கிலோ. வெங்காயம் சீக்கிரம் கெடாது, மிஞ்சியது அடுத்த சந்தைக்கு ஆகும். ஆகவே விற்ற கிலோவுக்கு மட்டும் 20 ரூபாய் அடக்கத்தைக் கழிக்க வேண்டும். 40இல் கிலோவுக்கு 20 வீதம் 600 ரூபாய் லாபம். 30இல் கிலோவுக்கு 10 வீதம் 500 ரூபாய். வரவு 300 கூடியும் லாபம் 100 குறைந்துவிட்டது.

தக்காளிக்கு மட்டும் குறைத்தது ஏன் சரியாயிற்று? மிஞ்சுவது அழுகப் போகிறது என்பதால் 1,200 ரூபாய் முதல் ஏற்கெனவே போய்விட்ட காசு. இன்னொரு கிலோ விற்பதால் புதிதாக ஒரு செலவும் இல்லை. பிரெஞ்சு அறிஞர் அகஸ்டின் கூர்னோ 1838இல் இதே நிலைமையை ஒரு கனிம நீரூற்றை வைத்து விளக்கினார். நீர் தானாகச் சுரக்கிறது, செலவில்லை. அப்படியானால் விலையை அளவால் பெருக்கிய தொகை எங்கே உச்சமோ அதுவே ஊற்றுக்காரருக்கு ஏற்ற விலை. கடை கட்டப்போகும் அக்காவின் தக்காளி அந்த ஊற்றுநீர். இரவு எட்டு மணிக்குமேல் மிஞ்சியதைக் கூறு கட்டி, வந்த விலைக்கு விற்கிற சந்தை வழக்கத்துக்குக் காரணமும் இதுதான். மறுநாள் வேறோர் ஊர்ச் சந்தைக்குப் போகிற வியாபாரி என்றால் செங்காயைப் பிரித்து வைத்துக்கொள்வார். அதற்கு நாளை ஒரு விலை உண்டு, அதற்குக் கீழே இன்று இறங்க வேண்டியதில்லை.

கோயம்பேட்டில் விடியற்காலை போட வேண்டிய கணக்கு வேறு. அங்கே ஒவ்வொரு பெட்டிக்கும் 300 ரூபாய் இன்னும் கையில்தான் இருக்கிறது. நாலு பெட்டி எடுத்து 30 ரூபாய்க்கு விற்றால் 1,500இல் 1,200 போக மிச்சம் 300. இரண்டே பெட்டி எடுத்து 40 ரூபாய்க்கு விற்றால் 30 கிலோவும் தீர்ந்துவிடும். 1,200இல் 600 போக மிச்சம் 600. சந்தையில் விலையைக் குறைத்தது, கொள்முதலில் இரண்டு பெட்டி அதிகமாகிவிட்ட பிறகு வெறுங்கையோடு திரும்புவதைத் தடுத்த வழி. அடுத்த வாரம் அக்கா இரண்டு பெட்டியோடு வந்து, அட்டையில் மறுபடி 40 என்று எழுதினால் அவர் கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்டார் என்று அர்த்தம்.