sin n-க்கு ஏன் எல்லை இல்லை? முழு எண் எங்கே வேலை செய்கிறது?

பதினோராம் வகுப்பில் எல்லை பற்றிய பாடம் முடிந்ததும் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். n = 1, 2, 3, … என்று இயல் எண்களின் வழியே போகும்போது sin n என்ற தொடர்முறைக்கு எல்லை உண்டா? இங்கே கோணம் ரேடியனில் உள்ளது. பெரும்பாலோர் தயங்காமல் "இல்லை" என்பார்கள். விடை சரிதான். ஏன் என்று கேட்டால் வரும் விளக்கம்தான் பல நேரங்களில் தவறாக இருக்கிறது.

வழக்கமாக வரும் விளக்கம் இது: "சைன் வளைவரை −1-க்கும் 1-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. n = π/2 + 2kπ என்று எடுத்தால் மதிப்பு 1. n = 3π/2 + 2kπ என்று எடுத்தால் மதிப்பு −1. ஆகவே எல்லை இல்லை." படிக்கும்போது குறை தெரியாது. ஆனால் n என்பது இயல் எண். π/2 + 2kπ ஒருபோதும் இயல் எண் ஆகாது. மாணவர் நிறுவியது sin x-க்கு, அதாவது x எல்லா மெய்யெண்களின் வழியாகவும் போகும்போது, எல்லை இல்லை என்பதை. நாம் கேட்டது வேறு.

"இரண்டும் ஒன்றுதானே, சார்புக்கு எல்லை இல்லையென்றால் தொடர்முறைக்கும் இருக்காதே" என்று மாணவர் வாதிடலாம். அப்போது sin πx என்ற சார்பைக் கரும்பலகையில் எழுதுங்கள். இதுவும் முடிவில்லாமல் ஏறி இறங்கும். இதற்கும் எல்லை இல்லை. ஆனால் x-க்கு இயல் எண்களை மட்டும் கொடுத்தால் sin π, sin 2π, sin 3π என எல்லா உறுப்புகளும் 0. அந்தத் தொடர்முறையின் எல்லை 0. வளைவரை ஆடிக்கொண்டிருக்க, நாம் பார்க்கும் புள்ளிகள் மட்டும் அசையாமல் நிற்கின்றன. மாணவர் சொன்ன அதே விளக்கத்தை sin πn-க்கும் சொல்ல முடியும். சொன்னால் தவறான முடிவு கிடைக்கும். ஆகவே அந்த விளக்கத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

அப்படியானால் கணிப்பானில் மதிப்புகளைப் பார்த்து முடிவு செய்யலாமா? முதலில் கணிப்பான் ரேடியனில் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். sin 22 என்று கொடுத்தால் சுமார் −0.00885 வர வேண்டும், 0.3746 வந்தால் அது பாகையில் இருக்கிறது. இப்போது 710-இன் மடங்குகளைக் கொடுத்துப் பாருங்கள். sin 710 சுமார் 0.00006. sin 1420 சுமார் 0.00012. பத்தாவது மடங்கான 7100-க்கும் மதிப்பு 0.0006 அளவில்தான் இருக்கிறது. இந்தப் பட்டியலை மட்டும் பார்க்கும் மாணவர் மதிப்புகள் 0-வை விட்டு நகரவே இல்லை என்று நினைப்பதில் வியப்பில்லை.

காரணம், 355/113 என்பது π-க்கு மிக நெருங்கிய பின்னம். அதனால் 710 என்பது 226π-ஐவிடச் சுமார் 0.00006 மட்டுமே கூடுதல். 226π என்பது 113 முழுச் சுற்றுகள். எனவே ஒவ்வொரு முறை 710-ஐக் கூட்டும்போதும் வட்டத்தில் ஏறக்குறைய தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறோம். அந்தச் சிறிய மிச்சம் சேர்ந்து சேர்ந்து π/2 ஆக ஏறத்தாழ 26,000 மடங்குகள் வேண்டும். அதாவது n 1 கோடியே 85 லட்சத்தை ஒட்டி வரும்போதுதான் இந்தப் பட்டியலில் மதிப்பு 1-ஐ நெருங்கும். பட்டியல் எவ்வளவு நீளமானாலும் அது நிறுவல் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

இனி நிறுவலுக்கு வருவோம். முதல் வழிக்கு ஒரு வட்டம் போதும்.

ஆரம் 1 அலகு உள்ள வட்டத்தின் சுற்றளவு 2π, அதாவது சுமார் 6.28 அலகு. அந்த வட்டப் பாதையில் ஒருவர் நடப்பதாகக் கொள்வோம். அவர் வைக்கும் ஒவ்வோர் எட்டும், பாதையின் வழியே அளந்தால், சரியாக 1 அலகு. n எட்டுகள் வைத்தபின் அவர் நிற்கும் புள்ளியின் உயரம்தான் sin n. இப்போது வட்டத்தின் மேற்பகுதியில் π/4 முதல் 3π/4 வரையுள்ள வில்லுக்கு வண்ணம் தீட்டுவோம். அதன் நீளம் π/2, சுமார் 1.57 அலகு. 1 அலகு எட்டு வைத்து நடப்பவர் 1.57 அலகு நீளமுள்ள பகுதியை அதில் கால் படாமல் தாண்ட முடியாது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது ஒருமுறை அவர் அந்த வண்ணப் பகுதியில் கால் வைத்தே ஆக வேண்டும். அங்கே உயரம் 0.707-க்குக் குறையாது.

கீழே 5π/4 முதல் 7π/4 வரையுள்ள வில்லுக்கும் இதே கதைதான். அதன் நீளமும் π/2. அங்கே கால் வைக்கும்போது sin n-இன் மதிப்பு −0.707 அல்லது அதற்கும் கீழே.

எண்களில் பார்ப்போம். மேல் வில்லில் விழும் எண்களில் 2, 8, 14 ஆகியவை உண்டு. அவற்றின் சைன் மதிப்புகள் முறையே 0.909, 0.989, 0.991. கீழ் வில்லில் 5, 11, 17, மதிப்புகள் −0.959, −0.99999, −0.961. இதைப் பார்த்ததும் "ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டே போகலாம்" என்று ஒரு மாணவராவது சொல்வார். தொடரச் சொல்லுங்கள். 20, 26 வரை சரியாக இருக்கும். அடுத்த எண் 32-இல் மதிப்பு 0.551-ஆகக் குறைந்துவிடும். 6 என்பது 2π-ஐவிடச் சற்றுக் குறைவு என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பின்தங்கி, இறுதியில் வில்லுக்கு வெளியே வந்துவிடுகிறோம். ஆனால் அந்தச் சுற்றில் 33 வில்லுக்குள் இருக்கிறது; sin 33 = 0.9999. எந்த எண் விழும் என்பதற்கு எளிய வாய்பாடு தேவையில்லை. ஏதோ ஓர் எண் விழும் என்பது எட்டின் நீளத்திலிருந்தே உறுதியாகிறது.

இதை எல்லையின் வரையறையோடு இணைப்போம். sin n-க்கு L என்ற எல்லை இருப்பதாகக் கொண்டால், ஏதோ ஓர் இடத்துக்குப் பிறகு எல்லா உறுப்புகளும் L-இலிருந்து 0.5-க்குக் குறைவான தொலைவில் இருக்க வேண்டும். அப்படியானால் அந்த இடத்துக்குப் பிறகு வரும் எந்த இரண்டு உறுப்புகளுக்கும் உள்ள வேறுபாடு 1-க்குக் குறைவு. ஆனால் எவ்வளவு தூரம் போனாலும் 0.707-க்கு மேல் ஓர் உறுப்பும் −0.707-க்குக் கீழ் ஓர் உறுப்பும் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் வேறுபாடு குறைந்தது 1.41. இது முரண்பாடு. ஆகவே எல்லை இல்லை.

இரண்டாவது வழி கூட்டுக் கோணச் சூத்திரங்களிலிருந்து வருகிறது, படம் தேவையில்லை. sin n-இன் எல்லை L என்று கொள்வோம். அப்போது sin(n+1), sin(n−1) இரண்டும் அதே L-ஐயே அணுகும். எனவே அவற்றின் வேறுபாடு 0-வை அணுக வேண்டும். அந்த வேறுபாடு என்ன?

sin(n+1) − sin(n−1) = 2 sin 1 cos n

வலப்பக்கத்தில் 2 sin 1 என்பது மாறாத எண், சுமார் 1.683. அது 0 அல்ல. ஆகவே cos n தான் 0-வை அணுக வேண்டும். இப்போது கொசைனுக்கு இதையே செய்வோம்.

cos(n+1) − cos(n−1) = −2 sin 1 sin n

இடப்பக்கம் 0-வை அணுகுவதால் sin n-உம் 0-வை அணுக வேண்டும். ஆனால் sin² n + cos² n = 1 என்பது ஒவ்வொரு n-க்கும் உண்மை. இரண்டும் 0-வை அணுகினால் அவற்றின் வர்க்கங்களின் கூடுதல் எப்படி 1 ஆகவே இருக்கும்? முரண்பாடு. நிறுவல் முடிந்தது.

இனி இந்த இரண்டு நிறுவல்களையும் sin πn-ஐ வைத்துச் சோதிப்போம். அதற்கு எல்லை உண்டு என்று நமக்குத் தெரியும். ஆகவே சரியான நிறுவல் அங்கே ஏதோ ஓர் இடத்தில் நின்றுபோக வேண்டும். முதல் வழியில் எட்டின் நீளம் 1-க்குப் பதில் π ஆகிறது. 3.14 அலகு எட்டு வைப்பவர் 1.57 அலகு வில்லைக் கால் படாமல் தாண்டிவிடுவார். நிறுவல் அங்கே நிற்கிறது. இரண்டாவது வழியில் sin 1 இருந்த இடத்தில் sin π வருகிறது. அது 0 என்பதால் cos πn பற்றி எதுவும் சொல்ல முடியாது. அங்கும் நிற்கிறது. மாணவரின் முதல் விளக்கமோ எங்கும் நிற்காமல் ஓடித் தவறான முடிவுக்குப் போய்ச் சேர்ந்தது. விடைத்தாளில் இத்தகைய விளக்கத்தைத் திருத்தும்போது நாம் தேட வேண்டியது இதைத்தான்: n முழு எண்ணாக, எட்டு 1 அலகாக இருப்பது எந்த வரியில் பயன்பட்டிருக்கிறது?

இதே சோதனை இன்னொன்றையும் காட்டுகிறது. இரண்டாவது வழியில் 1-க்குப் பதில் எந்தக் கோணம் θ-வை வைத்தாலும், sin θ பூச்சியமாக இல்லாதவரை நிறுவல் அப்படியே செல்லும். ஆகவே sin nθ-க்கு எல்லை இருப்பது θ என்பது π-இன் முழு எண் மடங்காக இருக்கும்போது மட்டுமே. கோணத்தைப் பாகையில் எடுத்தாலும் sin 1° பூச்சியம் அல்ல. எனவே sin n°-க்கும் எல்லை இல்லை.

சில மாணவர்கள் "π விகிதமுறா எண் என்பதால் எல்லை இல்லை" என்று எழுதுவார்கள். மேலே உள்ள இரண்டு நிறுவல்களிலும் அந்த உண்மையை நாம் எங்கும் பயன்படுத்தவில்லை. 1 என்பது 0-க்கும் π-க்கும் இடையில் இருப்பதால் sin 1 பூச்சியம் ஆகாது என்பதே போதுமானதாக இருந்தது. sin n° இதற்கு நல்ல சான்று: அங்கே 360 எட்டுகளில் சுற்று சரியாக முடிந்து மதிப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன, ஆனாலும் எல்லை இல்லை. லாம்பர்ட் 1760-களில் நிறுவிய π-இன் விகிதமுறாத் தன்மை தேவைப்படுவது இதைவிட வலுவான ஒரு முடிவுக்கு: −1-க்கும் 1-க்கும் இடையே எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், அதற்கு எவ்வளவு அருகில் வேண்டுமானாலும் வரும் sin n மதிப்புகள் உண்டு. 0.3 வேண்டுமா, −0.62 வேண்டுமா, நடப்பவர் எப்போதாவது அதன் அருகே கால் வைப்பார். எல்லை இல்லை என்று காட்ட அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மேலே ஒரு வில், கீழே ஒரு வில், இரண்டையும் தாண்ட முடியாத ஓர் எட்டு, இவை போதும்.