அதே 15 கிலோமீட்டர். ஊருக்கு ஒரு கணக்கு

துபாயிலிருந்து குடும்பத்தோடு சொந்தக் காரில் உம்ராவுக்கு வருகிறவர்கள் இப்போது அதிகம். அவர்களில் பலர் மக்கா, மதீனா பார்த்துவிட்டு, ஜித்தாவில் ஷரஃபியா பக்கம் வந்து நம்ம ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். போன முறை கிளம்புவதற்கு முன் என் சித்தப்பா மகன் போனில் கேட்டான்: "அண்ணே, மதீனா ரோட்டுல 140 போர்டுதானே? அப்ப 158, 159 வரைக்கும் மிதிக்கலாம்ல?"

துபாயில் வண்டி ஓட்டிப் பழகியவருக்கு இந்தக் கேள்வி இயல்பாக வரும். ஆனால் அதே கணக்கோடு சவூதிக்குள் வந்தால் பர்ஸ் காலியாகிவிடும். ஏன் என்று பார்ப்போம்.

துபாயின் பெரும்பாலான சாலைகளில் பலகையில் எழுதிய வேகத்துக்கு மேல் 20 கிலோமீட்டர் சலுகை உண்டு. 120 என்று எழுதியிருந்தால் கேமரா 141-இல்தான் மின்னும். அபுதாபியில் இந்தச் சலுகையை 2018 ஆகஸ்ட் 12 முதல் எடுத்துவிட்டார்கள். அங்கே பல நெடுஞ்சாலைகளில் பலகையிலேயே 140 என்று போட்டார்கள். 141-இல் கேமரா மின்னும். அதனால் துபாயிலிருந்து ஷேக் சாயித் சாலையில் நேராகப் போகிறவர், எல்லை தாண்டிய பிறகும் 140-இல் போனால் தப்பு இல்லை. பலகை மாறுகிறது, கேமராவின் கணக்கு மாறவில்லை. சிக்கல் எங்கே என்றால், "எமிரேட்ஸில் 20 சலுகை உண்டு" என்று பொத்தாம்பொதுவாக நம்பி அபுதாபியில் 155-இல் போகிறவருக்குத்தான். அவருக்கு 300 திர்ஹம்.

சவூதியில் கதை வேறு. 2018 பிப்ரவரியில் மக்கா–மதீனா, ரியாத்–தாயிஃப், ரியாத்–கஸீம் சாலைகளில் கார்களுக்கான வேகத்தை 120-லிருந்து 140-ஆக உயர்த்தினார்கள். எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் அந்த உயர்வோடு அபராதக் கணக்கும் மாறியதைப் பலர் கவனிக்கவில்லை. இங்கே இரண்டு பட்டியல்கள். 120 வரை வேகம் உள்ள சாலைகளுக்கு ஒன்று, 140 சாலைகளுக்கு இன்னொன்று.

ஒரே உதாரணத்தை இரண்டிலும் வைத்துப் பாருங்கள். 120 பலகை உள்ள சாலையில் 135-இல் போகிறீர்கள். அதாவது 15 கூடுதல். அபராதம் 150 முதல் 300 ரியால். இப்போது 140 சாலையில் 155-இல் போகிறீர்கள். அங்கேயும் அதே 15 கூடுதல்தான். ஆனால் அபராதம் 800 முதல் 1,000 ரியால். அதிகபட்ச அபராதமான 1,500 முதல் 2,000 ரியால் வரைக்கும் போக, 120 சாலையில் 50-க்கு மேல் தாண்ட வேண்டும். 140 சாலையில் 30-ஐத் தாண்டினாலே போதும்.

அதே 15-ஐ துபாயில் 120 பலகைக்கு மேல் ஓட்டினால் ஒன்றுமில்லை. அதனால்தான் தம்பியிடம் சொன்னேன்: "அங்க பழகுன காலை இங்க கொண்டு வராதே. 140-ன்னா 140 தான்."

இது அநியாயம் இல்லையா என்று அவன் கேட்டான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே சாலையில் பஸ்ஸுக்கு 100, லாரிக்கு 80 தான் வேகம். கார் 140-இல் போனாலே முன்னால் போகும் லாரியை விட மணிக்கு 60 கிலோமீட்டர் வேகமாக நெருங்குகிறது. 155-இல் போனால் அது 75 ஆகிறது; நொடிக்கு 20 மீட்டருக்கு மேல். லாரி லேன் மாறப் போகிறது என்று நாம் புரிந்துகொள்ள இரண்டு நொடி எடுத்தால், 40 மீட்டர் இடைவெளி போய்விட்டது. பிறகுதான் பிரேக். காய்ந்த நல்ல சாலையில் 140-இலிருந்து வண்டி நிற்க பிரேக் மட்டுமே ஏறத்தாழ 110 மீட்டர் கேட்கும். 155-இலிருந்து 130 மீட்டர். 140 என்பதே ஏற்கெனவே விளிம்பு. விளிம்புக்கு மேல் சலுகை தர இடமில்லை.

நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம். 300 கிலோமீட்டரை 140-இல் ஓட்டினால் 2 மணி 9 நிமிடம். 155-இல் ஓட்டினால் 1 மணி 56 நிமிடம். மிச்சம் 13 நிமிடம்கூட முழுசாக இல்லை. வழியில் மஹத்தாவில் ஒரு டீ குடித்தால் அதுவும் போச்சு.

காரில் உம்ரா வரும் துபாய்க்காரருக்கு 800 ரியால் என்பது எரிச்சல். ஆனால் ஷரஃபியாவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு வீட்டு டிரைவருக்கு, கம்பெனி பிக்கப் ஓட்டும் தம்பிக்கு, அது சம்பளத்தில் பாதி. சாஹிர் கேமரா பிடித்தால் முஹாலஃபா யார் பெயரில் ஏறுகிறது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். வண்டி கஃபீல் பெயரில் இருக்கும்; ஆனால் ஓட்டுநராக அப்ஷரில் உங்களைப் பதிவு செய்திருந்தால் அபராதம் உங்கள் இகாமாவில் ஏறும். அது கட்டப்படாமல் இருந்தால் எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா கிடைக்காது. ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வரும் இரவில் இதைக் கண்டுபிடித்தவர்கள் நம்மிடையே உண்டு.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு கம்பெனியை விட்டு வந்து மூன்று மாதம் ஆகியும், பழைய வண்டி அவர் பெயரிலேயே பதிவில் இருந்தது. வேறொருவர் ஓட்டிய வேகத்துக்கு இவருக்கு மெசேஜ் வந்தது. அவர் தினமும் அப்ஷர் பார்க்கிற ஆள் என்பதால் தப்பித்தார். முஹாலஃபாவை எதிர்த்து முறையிட 30 நாள் அவகாசம் உண்டு. அதைத் தாண்டினால் யார் ஓட்டியது என்று பேசிப் பயனில்லை. வேலை மாறும்போது, வண்டிச் சாவியைக் கொடுக்கும் அதே நாளில் உங்கள் பெயரையும் அப்ஷரில் நீக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் பழகிய பிறகு லீவில் ஊருக்குப் போகிறோம். அங்கே கேமராவை விடப் பலகை இல்லாததுதான் பிரச்சினை. மத்திய அரசு 2018-இல் அறிவித்தபடி காருக்கு எக்ஸ்பிரஸ்வேயில் 120, நடுவில் தடுப்பு உள்ள நான்கு வழிச் சாலையில் 100, நகராட்சி எல்லைக்குள் 70. ஆனால் இவை உச்சவரம்புதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு, உள்ளூரில் இதைக் குறைக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதன்படி சென்னையில் 2023 நவம்பர் முதல் காருக்கு 60, குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30. திருச்சியிலிருந்து நான்கு வழிச் சாலையில் 100-இல் வந்தவர் தாம்பரம் தாண்டியதும் 60-க்கு இறங்க வேண்டும். வளைகுடாவில் பலகை உங்களுக்குச் சொல்லும். அங்கே நீங்கள்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தம்பி வந்து போய்விட்டான். க்ரூஸ் கன்ட்ரோலை 138-இல் வைத்துக்கொண்டு மதீனா போனதாகச் சொன்னான். "இடது லேன்ல லைட் அடிச்சுட்டே இருந்தானுங்க அண்ணே, விட்டுட்டு வலது பக்கம் வந்துட்டேன்" என்றான். லைட் அடித்தவர்கள் கட்டுவார்கள்.