நீர் கூடினால் பிரிவு கூடும், அமிலத்தன்மை குறையும்

வினிகருக்குப் புளிப்பைத் தருவது அசிட்டிக் அமிலம். அதில் 6 கிராம் எடுத்து, நீர் சேர்த்து ஒரு லிட்டராக்கினால் 0.1 மோலார் கரைசல் கிடைக்கும். இதே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் pH ஏறத்தாழ 1. அசிட்டிக் அமிலத்துக்கோ 2.87. செறிவு ஒன்றாக இருந்தும் ஏன் இந்த வித்தியாசம்?

ஹைட்ரோகுளோரிக் அமிலம் நீரில் முழுவதுமாக அயனிகளாகப் பிரிந்துவிடும். அசிட்டிக் அமிலத்தில் சில மூலக்கூறுகள்தான் பிரியும். பிரிந்த அயனிகளும் திரும்பச் சேர்ந்துகொண்டே இருக்கும். பிரிவதும் சேர்வதும் ஒரே வேகத்தில் நடக்கும் சமநிலையைக் குறிக்கும் எண்தான் பிரிகை மாறிலி. 25 டிகிரி செல்சியஸில் அசிட்டிக் அமிலத்துக்கு அது 1.8 × 10⁻⁵.

Ka = [H⁺][CH₃COO⁻] / [CH₃COOH]

பிரிந்த அளவை x என்போம். ஒரு மூலக்கூறு பிரிந்தால் இரண்டு வகை அயனியிலும் ஒவ்வொன்று கிடைக்கும். ஆகவே மேலே x², கீழே பிரியாமல் எஞ்சிய 0.1 − x. பிரிவது மிகக் குறைவு என்பதால் கீழே 0.1 என்றே வைத்துக்கொள்ளலாம். அப்போது x² = 1.8 × 10⁻⁶; x = 1.34 × 10⁻³. இதன் மடக்கையை எடுத்துக் குறியை மாற்றினால் pH 2.87. x-ஐ 0.1ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் அயனியாதல் 1.34 விழுக்காடு. நூறு மூலக்கூறுகளில் ஏறத்தாழ தொண்ணூற்றொன்பது பிரியாமலே இருக்கின்றன.

இந்தக் கரைசலை நூறு மடங்கு நீர்க்கச் செய்து 0.001 மோலாராக்குவோம். அதே குறுக்குவழியில் போனால் 13.4 விழுக்காடு பிரிந்ததாக விடை வரும். இங்கேதான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். இவ்வளவு பிரிந்த பிறகு, கீழே உள்ள x-ஐ இல்லாததுபோல் விட்டுவிட முடியாது. கிடைத்த விடை 5 விழுக்காட்டைத் தாண்டினால் குறுக்குவழி செல்லாது என்பது வழக்கமான அளவுகோல். x² + 1.8 × 10⁻⁵x − 1.8 × 10⁻⁸ = 0 என்ற இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் x = 1.25 × 10⁻⁴. அயனியாதல் 12.5 விழுக்காடு, pH 3.90.

பிரிந்த பங்கு ஒன்பது மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. ஆனால் pH உயர்ந்திருப்பதால் அமிலத்தன்மை குறைந்திருக்கிறது. இதில் முரண் இல்லை. பிரிவதற்கு ஒரு மூலக்கூறும் அதைச் சூழ்ந்த நீரும் போதும். திரும்பச் சேர்வதற்கோ இரண்டு அயனிகள் சந்திக்க வேண்டும். நீர் கூடும்போது அந்தச் சந்திப்பு அரிதாகிறது, பிரிந்த பங்கு ஏறுகிறது. 1888-இல் வில்ஹெல்ம் ஆஸ்வால்ட் வகுத்த நீர்த்தல் விதி சொல்வது இதைத்தான். ஆனால் அமிலத்தின் மொத்த அளவு ஒவ்வொரு லிட்டரிலும் நூறில் ஒன்றாகிவிட்டதால், பங்கின் ஏற்றம் அந்த இழப்பை ஈடுகட்டுவதில்லை. ஹைட்ரஜன் அயனி ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. அதனால்தான், வலிமை மிக்க அமிலமாக இருந்தால் 2 அலகு ஏறியிருக்க வேண்டிய pH, இங்கே 1 அலகை ஒட்டி நின்றுவிடுகிறது.