அட்டைப்பெட்டி வெள்ளைக்கரு ஏன் நுரைப்பதில்லை?

தூத்துக்குடி மக்ரூனுக்கு மூன்றே பொருள்தான்: முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு. மைதா கிடையாது, ஈஸ்ட் கிடையாது, சோடா உப்பும் கிடையாது. அந்தச் சின்னக் கூம்பு நிமிர்ந்து நிற்பதும், வாயில் போட்டதும் பொரபொரவென்று கரைவதும் முழுக்க முழுக்க வெள்ளைக்கரு நுரையின் வேலை. அதனால் வெள்ளைக்கருவைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான பலகாரம் நம்மிடம் இல்லை.

சோதிக்கவேண்டிய தேவையும் இப்போது வந்திருக்கிறது. பெரிய கடைகளின் குளிர்ப்பெட்டியில் பால் பாக்கெட் மாதிரி அட்டைப்பெட்டியில் வெள்ளைக்கரு விற்கிறார்கள். கேக் சாமான் விற்கும் கடைகளில் வெள்ளைக்கருத் தூள் கிடைக்கிறது. முட்டை உடைக்கவேண்டாம், மஞ்சள் கரு மிஞ்சிப்போகுமே என்ற கவலை வேண்டாம். பெட்டியின்மேல் ‘நூறு சதவீதம் வெள்ளைக்கரு’ என்று போட்டிருப்பதால், உடைத்த முட்டைக்குப் பதில் அப்படியே ஊற்றிவிடலாம் என்று நினைப்பது இயல்புதான். ஆம்லெட்டில் ஊற்றலாம். மக்ரூனில் ஊற்றினால் அகப்பட்டுக்கொள்வோம்.

முதலில் முட்டையை உடைத்தே செய்வதைப் பார்ப்போம். மூன்று முட்டையின் வெள்ளைக்கரு ஏறக்குறைய 90 கிராம் வரும். அதற்குச் சர்க்கரைத் தூள் 180 கிராம், கொரகொரப்பாகப் பொடித்த முந்திரி 150 கிராம் எடுத்துக்கொள்ளலாம். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத பாத்திரத்தில், மின்சார பீட்டரை நடுத்தர வேகத்தில் ஓட்டினால் முதலில் சோப்பு நுரைபோலப் பெரிய குமிழிகள் வரும். அப்போது அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடவேண்டும். குமிழிகள் பொடியாகி, நிறம் வெளுத்து, பீட்டரைத் தூக்கினால் நுனி வளைந்து சாய்கிற பதம் வந்ததும் சர்க்கரையை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்த்துக்கொண்டே அடிக்கவேண்டும். பத்து நிமிடத்துக்குள் நுரை பளபளவென்று கெட்டியாகி, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்கும். கடைசியாக முந்திரியைச் சேர்த்து, கரண்டியால் அடியிலிருந்து மேலாக மெதுவாகப் புரட்டி, கூம்பாகப் பிழிந்து, 110 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்து உலர்த்தவேண்டும்.

இதே அளவில் அட்டைப்பெட்டி வெள்ளைக்கருவை ஊற்றி அடித்தால், பத்து நிமிடம் கழித்தும் பெரும்பாலும் தளர்வான நுரைதான் இருக்கும். இன்னும் பத்து நிமிடம் விடாமல் அடித்தால் சிலசமயம் மென்மையான முகடு வரும். ஆனால் அதைச் சற்று நேரம் சும்மா வைத்தாலே பாத்திரத்தின் அடியில் தண்ணீர் தேங்கும். நுரை ஏமாற்றப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அதற்குமேல் முந்திரியைப் போடுவது வீண். முந்திரியில் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் நுரையைக் குலைக்கும். நல்ல நுரை அதைத் தாங்கிக்கொள்ளும், இது தாங்காது. அடுப்பிலிருந்து வெளியே வருவது கூம்பாக இருக்காது. சர்க்கரைப்பாகு கசிந்து ஒட்டிய தட்டை பிஸ்கட்டாக இருக்கும்.

என்ன நடந்தது? வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி புரதம், அதுவும் பலவகைப் புரதங்கள். அடிக்கும்போது இந்தப் புரதங்கள் சுருள் பிரிந்து, காற்றுக் குமிழியைச் சுற்றி ஒன்றோடொன்று கைகோத்து ஒரு மெல்லிய உறையைக் கட்டுகின்றன. எல்லாப் புரதமும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஓவோட்ரான்ஸ்ஃபெரின் போன்றவை சீக்கிரம் பிரிந்து நுரையைத் தொடங்கிவைக்கும். ஓவோமியூசின் என்பது வெள்ளைக்கருவுக்கு அந்தக் கொழகொழப்பைத் தருவது. நுரையிலிருந்து தண்ணீர் விரைவில் வடிந்துவிடாமல் அதுதான் பிடித்துவைக்கிறது.

அட்டைப்பெட்டி வெள்ளைக்கருவைச் சால்மோனெல்லா கிருமி இல்லாமல் விற்கவேண்டும். அதற்காக அதைப் பாஸ்டரைஸ் செய்கிறார்கள். பாலை 72 டிகிரியில் 15 விநாடி காய்ச்சினால் கதை முடிந்தது. வெள்ளைக்கருவை அப்படிச் செய்தால் குழாய்க்குள்ளேயே வெந்து உறைந்துவிடும். ஓவோட்ரான்ஸ்ஃபெரின் 60 டிகிரியை ஒட்டியே கெட்டிப்படத் தொடங்கிவிடுகிறது. ஆகவே 57 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில நிமிடங்கள் மட்டும் வைத்து எடுக்கிறார்கள். அமெரிக்காவில் முன்பு இருந்த விதிப்படி 56.7 டிகிரியில் மூன்றரை நிமிடம். கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. ஆனால் நுரையைத் தொடங்கிவைக்கவேண்டிய புரதத்துக்கும், தண்ணீரைப் பிடித்துவைக்கவேண்டிய புரதத்துக்கும் அந்தச் சூட்டிலேயே அடி விழுந்துவிடுகிறது. பம்பு வழியாகத் தள்ளி, வடிகட்டி, கலக்கிப் பெட்டியில் அடைப்பதில் கொழகொழப்பும் குறைகிறது. பெட்டியிலிருந்து ஊற்றும்போது அது முட்டையிலிருந்து விழுவதுபோலத் திரளாக விழாமல் தண்ணீராக ஓடுவதை நீங்களே பார்க்கலாம்.

சில தயாரிப்பாளர்கள் இதைச் சரிக்கட்ட டிரைஎத்தில் சிட்ரேட் என்ற பொருளைத் துளி சேர்க்கிறார்கள். சிலர் குவார் பிசின் சேர்க்கிறார்கள். வேறு சிலர் மெரிங்குக்கு ஏற்றதல்ல என்று பெட்டியிலேயே அச்சிட்டுவிடுகிறார்கள். பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படிக்காமல் வாங்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி தூளுக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்திலேயே பிடித்த பகுதி இதுதான். சாதாரணமாக யோசித்தால், சிறு சூட்டுக்கே வெள்ளைக்கரு இவ்வளவு தளர்ந்துபோகிறது என்றால், கொதிக்கும் காற்றில் தெளித்து உலர்த்திய தூள் எதற்குமே உதவாது என்றுதான் தோன்றும். நடைமுறை நேர் எதிர். நல்ல தூள், அட்டைப்பெட்டியைவிட நன்றாகவே நுரைக்கிறது.

தூளாக்குவதற்கு முன் வெள்ளைக்கருவில் இருக்கும் சர்க்கரையை எடுத்துவிடுகிறார்கள். 100 கிராமில் அரை கிராமுக்குள்தான் குளுக்கோஸ் இருக்கும். ஆனால் தண்ணீர் போனபின் அந்தச் சிறு அளவே புரதத்தோடு வினைபுரிந்து தூளைப் பழுப்பாக்கி, வாடையும் ஏற்றிவிடும். அதனால் நொதியையோ ஈஸ்ட்டையோ சேர்த்து அதைத் தின்னவிட்டுவிடுகிறார்கள். பிறகு உயரமான கலத்துக்குள் சூடான காற்றில் பனிபோலத் தெளிக்க, தண்ணீர் நொடியில் ஆவியாகி, தூள் அடியில் வந்து சேர்கிறது. கிருமியைக் கொல்வது அதற்குப் பிறகுதான். மூட்டை கட்டிய தூளை 54 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டு அறையில் ஒரு வாரமோ அதற்கு மேலோ வைத்துவிடுகிறார்கள்.

தண்ணீரில் இருக்கும் புரதம் சில நிமிடம் தாங்காத சூட்டை, உலர்ந்த புரதம் நாள்கணக்கில் தாங்குகிறது. சுற்றிலும் தண்ணீர் இல்லாததால் அது சுருள் பிரிந்து ஒன்றோடொன்று ஒட்டி உறைய வழியில்லை. சிறிதளவே தளர்ந்து நிற்கிறது. அந்தச் சிறு தளர்ச்சி, பிற்பாடு அடிக்கும்போது உதவியாகவே முடிகிறது. உலர்ந்த நிலையில் இப்படிச் சூடாக்கிய வெள்ளைக்கரு முன்பைவிட நன்றாக நுரைக்கும், வெந்தால் கெட்டியாகவும் உறையும் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஈரோடு பக்கம் தயாராகும் முட்டைத் தூள் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகிறது.

தூளைப் பயன்படுத்துவதில் ஒரு கணக்கு இருக்கிறது: எடையில் ஒரு பங்கு தூளுக்கு ஏழு பங்கு தண்ணீர். நம் மக்ரூனுக்கு 90 கிராம் வேண்டுமென்றால் 11 கிராம் தூள், 79 மில்லி தண்ணீர். தராசு இல்லாதவர்கள் ஒரு வெள்ளைக்கருவுக்குத் தலைதட்டிய இரண்டு டீஸ்பூன் தூள், இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். பலரும் தவறுவது அடுத்த கட்டத்தில்தான். தண்ணீரை மொத்தமாக ஊற்றிவிட்டு உடனே பீட்டரைப் போட்டால், தூள் கட்டிகட்டியாகி மிதக்கும். வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைத்து, அரைமணி நேரம் அப்படியே ஊறவைத்து, வடிகட்டிய பிறகு அடிக்கவேண்டும். ஊறாத தூளில் அடித்த நுரை தொட்டால் மணல்மணலாக இருக்கும். நன்றாக ஊறியது முட்டை வெள்ளைக்கருவைப் போலவே முகடு கட்டும், முந்திரியையும் தாங்கும். லேசான ஒரு வாடை வரும். வெந்தபின் முந்திரி மணத்தில் அது தெரியாது.

எந்தத் தூள் என்பதும் முக்கியம். உடற்பயிற்சிக் கூடத்துக்காரர்கள் வாங்கும் முட்டைப் புரதத் தூளில் இனிப்பும் வாசனையும் இருக்கலாம். தண்ணீரில் சட்டென்று கலப்பதற்காக லெசித்தின் சேர்த்திருந்தால் அது நுரைக்குப் பகை. ‘மெரிங்கு பவுடர்’ என்று விற்பதும் வேறு. அதில் சர்க்கரை, சோளமாவு, பிசின் எல்லாம் சேர்ந்திருக்கும். பொருட்பட்டியலில் வெள்ளைக்கருத் தூள் ஒன்றே இருக்கிறதா, அல்லது நுரைப்பதற்கென்று தயாரித்தது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும்.

தூளுக்கு இன்னொரு பயனும் உண்டு. மழைக்காலத்தில் வீட்டில் மக்ரூன் செய்கிறவர்களுக்கு இது கைகொடுக்கும். மூன்று முட்டை வெள்ளைக்கருவுக்கு ஒரு டீஸ்பூன் தூளைச் சர்க்கரையோடு கலந்து சேர்த்தால், தண்ணீர் கூடாமல் புரதம் மட்டும் கூடி நுரை இன்னும் உறுதியாக நிற்கும். ஆனால் வெந்தபின் ஈரக்காற்றை உறிஞ்சி நமத்துப்போவதை அது தடுக்காது. அதற்குக் காற்றுப்புகாத டப்பாதான் வழி.

அப்படியானால் அட்டைப்பெட்டி வீணா? இல்லவே இல்லை. வெள்ளைக்கரு ஆம்லெட், பொடிமாஸ், கட்லெட்டை ரொட்டித்தூளில் புரட்டுமுன் தோய்ப்பது, மாவைப் பிணைப்பது என்று நுரை தேவைப்படாத இடமெல்லாம் அதன் இடம். இரண்டு டேபிள்ஸ்பூன் ஒரு வெள்ளைக்கருவுக்குச் சமம். சில பெட்டிகளில் மூன்று டேபிள்ஸ்பூன் ஒரு முட்டைக்குச் சமம் என்று இருக்கும். அது மஞ்சளும் சேர்ந்த முழு முட்டைக்கு ஈடாகச் சொல்வது, மெரிங்குக் கணக்குக்கு உதவாது. திறந்த பெட்டியைக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடவேண்டும்.

வேகவைக்காமல் சாப்பிடும் பண்டங்களில் மட்டும் முட்டையை உடைத்து ஊற்றுவது எனக்குச் சம்மதமில்லை. கிறிஸ்துமஸ் கேக்கின்மேல் பூசும் ராயல் ஐசிங், அடுப்பில் ஏறாத மூஸ் இவற்றைக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடுகிறார்கள். அங்கே பாஸ்டரைஸ் செய்த தூள்தான் சரி. அதற்காகப் பெட்டி வெள்ளைக்கருவைப் பச்சையாகவே டம்ளரில் ஊற்றிக் குடிப்பதும் நல்ல பழக்கமல்ல. கிருமி போயிருந்தாலும், பயோட்டின் என்ற வைட்டமினை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும் அவிடின் அந்தச் சூட்டில் அழிவதில்லை. வெந்த வெள்ளைக்கருவின் புரதம் செரிக்கும் அளவுக்குப் பச்சையில் செரிப்பதுமில்லை.

மக்ரூனுக்கு என் தீர்ப்பு இது: முட்டையை உடைத்தே செய்யுங்கள், முடியாவிட்டால் தூளை ஊறவைத்துச் செய்யுங்கள், அட்டைப்பெட்டியை ஆம்லெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.